ஒரு சூப்புக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்

என் மனைவி பதினான்கு வருஷம் பஸ் டெப்போவில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள். கண்ணாடியில் ஒரு அரைவட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் அவளிடம் வந்தது, அதன் வழியாகத்தான் அவள் அதற்குச் சில்லறை கொடுத்தாள். இன்றைக்கும் வீட்டில் போன் அடித்தால் "ஹலோ" என்று சொல்லமாட்டாள். "எங்க போகணும்?" என்பாள். என் மாமனாரே ஒருமுறை பயந்து போனை வைத்துவிட்டார்.

டெப்போவில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடத்துநர்கள் மாலையில் கொண்டுவரும் டிரிப் ஷீட்டைச் சரிபார்ப்பது. எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது, எத்தனை பேர் ஏறினார்கள், எந்த ஸ்டேஜில் இறங்கினார்கள், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு டிக்கெட் கணக்கில் இடித்தாலும் நடத்துநர் வீட்டுக்குப் போகமுடியாது. ஆறடி உயர மனிதர்கள் அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலக் கைகட்டி நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு டீ வேண்டாம், லீவு வேண்டாம். கையில் ஒரு தொகையைக் கொடுத்து இவளை அனுப்பிவிட்டார்கள். எனக்கோ அதற்கு நாலு மாதம் முன்பே நான் ஓட்டிய அச்சு இயந்திரம் பழைய இரும்புக்குப் போய், அதன் பின்னாலேயே என் வேலையும் போயிருந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஜோடியாகப் பட்டது.

அவள் அழவில்லை. அந்தத் தொகையில் ஒரு பெரிய பாத்திரம், இரண்டு பர்னர் அடுப்பு, ஸ்கூட்டரின் பின்னால் மாட்டுவதற்குச் சூடு தாங்கும் பெட்டி ஒன்று, மூன்றையும் வாங்கினாள். "சூப்பு" என்றாள். மதியத்துக்கு ஒரு டப்பா சூப், கூட ஒரு பன். ஆபீஸில் இருப்பவர்களுக்கு வீட்டில் செய்ததுபோல வேண்டும், வீட்டில் செய்வதற்கு நேரம் கிடையாது என்பது அவள் கணிப்பு. கணிப்பு சரிதான். இரண்டு மாதத்துக்குள் ஒரு நாளைக்கு இருபத்துநாலு ஆர்டர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவளுக்கு "சூப்பக்கா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. "சூப்பு வந்தாச்சு" என்பார்கள், அந்தச் சூப்பில் நானும் அடக்கம்.

அவளிடம் ஒரே ஒரு குறை. விலை சொல்ல வராது. யாராவது "எவ்வளவுங்க?" என்று கேட்டால், "நூறு" என்பது தொண்டையில் பாதியும் காற்றில் பாதியுமாக வரும். இரண்டாம் முறை கேட்டால் தொண்ணூறுக்கு இறங்கிவிடுவாளோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"பதினாலு வருஷம் காசு கேட்டுத்தானே உட்கார்ந்திருந்தே?" என்றேன் ஒருநாள்.

"அது கம்பெனி போட்ட விலை. போர்டுல எழுதியிருக்கும், நான் கேட்டேன். இது நானா போட்ட விலை. அதிகம்னு யாராவது சொன்னா என்னைச் சொன்ன மாதிரி இருக்கு."

விலை நூறு என்று முடிவு செய்தது உண்மையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான். சரியாகச் சொன்னால், பெரும்பங்கு என் மூளை. ஒரு பழைய காலண்டரின் முதுகில் எழுதினேன். சூப்புக்கான சாமான் நாற்பது, பன் எட்டு, டப்பா ஏழு. ஆக ஐம்பத்தைந்து. நூறில் ஐம்பத்தைந்து போனால் நாற்பத்தைந்து லாபம்! மாதம் இருபத்தைந்து நாள், அறுநூறு சூப், இருபத்தேழாயிரம். அந்தக் காலண்டரை நான் சுவரிலேயே மாட்டி வைத்தேன். பெட்ரோல் பற்றி அவள் கேட்டதற்கு, "நம்ம ஸ்கூட்டர்தானே" என்று சொன்னது நினைவிருக்கிறது. சொந்த ஸ்கூட்டர் தண்ணீரில் ஓடும் என்று நான் நம்பினேன்போல.

மூன்றாவது மாதத்தின் கடைசி நாள், காசு போடும் பிஸ்கட் டின்னை எண்ணினோம். மாதத் தொடக்கத்தில் இருந்ததைவிட ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்தான் கூடியிருந்தது.

முதலில் நான் மறுபடி எண்ணினேன். அப்புறம் அவள் எண்ணினாள். அப்புறம் டின்னைக் கவிழ்த்துத் தட்டினோம். ஒரு பழைய பிஸ்கட் துகள் விழுந்தது. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், அந்தப் பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

"நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கப் போறேன்? நீ?"

"நான் எடுத்தா உங்ககிட்ட ஏன் கேக்கறேன்?"

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று ஒரு பழமொழியைப் போட்டு நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தேன். "அப்போ உழுதவன் கணக்கே பார்க்கலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போனாள்.

இதற்கிடையில்தான் அந்த வேலை வந்தது. ஊருக்கு வெளிப்பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. அங்கே காசாளர் வேலை, மாதம் பதினைந்தாயிரம். கோடை, குளிர் என்று பார்க்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மீன் பெட்டிகளுக்கு ரசீது எழுத வேண்டும். அங்கேயும் ஒரு கண்ணாடி, அதிலும் ஒரு ஓட்டை. கிடங்கு முதலாளி, "அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில போன் பண்றேன். வர்றீங்களா இல்லையான்னு சொல்லிடுங்க. இல்லேன்னா வேற ஆள் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்குப் போக விருப்பமில்லை. அதை அவள் சொல்லவில்லை, ஆனால் ஸ்வெட்டரை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, மடிக்காமல் சுருட்டி உள்ளே எறிந்தாள். எதையும் மடிக்காமல் வைக்கிறவள் இல்லை அவள். எனக்கு அப்போது என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் காலண்டர் கணக்கு என்னுடையது.

"ஒரு வாரம் இருக்கு. இன்னியிலேருந்து நீங்க டிரிப் ஷீட் எழுதணும்" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு."

ரூல் போட்ட ஒரு நோட்டைக் கையில் கொடுத்தாள். கிளம்பிய நேரம், மீட்டர் அளவு, எத்தனை டப்பா, எங்கே, திரும்பிய நேரம், மீட்டர் அளவு, சிந்தியது எத்தனை. கடைசியில் ஒரு கட்டம் அவளுக்கு: போன் பண்ணியவர்களில் எத்தனை பேரை 'வண்டி இல்லை' என்று திருப்பினோம். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் நான் கையெழுத்துப் போட வேண்டும். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் இத்தனை கையெழுத்துப் போட்டதே இல்லை.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். முப்பத்தாறு கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஸ்கூட்டர் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எழுபத்திரண்டு காட்டுது."

"நான் ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரம்னு கூட்டிப் போட்டேன்."

"திரும்பி வர்றப்போ ஸ்கூட்டரைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தா வந்தீங்க? டெப்போவுல எந்த டிரைவராவது போன வண்டி போனதுதான்னு விட்டுட்டு வந்திருக்காரா?"

அன்றிலிருந்து மீட்டரை மட்டுமே எழுதினேன்.

சனிக்கிழமை பிற்பகல், பாத்திரம் கழுவி முடித்தபிறகு, சாப்பாட்டு மேசையில் ஷீட்டுகளைப் பரப்பி உட்கார்ந்தாள். பக்கத்தில் தன்னுடைய கொள்முதல் சீட்டுகள். கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு அவள் காகிதம் புரட்டும்போது எனக்கு டெப்போவில் நிற்கும் நடத்துநரின் கலக்கம் புரிந்தது. நான் உட்காரவில்லை, நின்றேன்.

"சூப்புச் சாமான் நாப்பதுன்னு போட்டீங்க. சரி. ஆனா யார் எப்போ கேப்பாங்களோன்னு இருபத்தேழு பேருக்கு வைக்கறேன், விக்கறது இருபத்துநாலு. மிச்சம் மூணையும் யார் குடிக்கறா?"

"நாமதான்."

"நாம குடிச்சா காசு வருமா? அப்போ ஒரு டப்பாவுக்கு நாப்பத்தஞ்சு. கேஸ் மூணு. பன் எட்டு. ஆக அம்பத்தாறு."

நான் தலையாட்டினேன்.

"டப்பா ஏழுன்னீங்க. அது அடிப்பக்கம் மட்டும். மூடி ரெண்டு ரூபாய் தனி. பை ரெண்டரை, ஸ்பூன் ஒன்றரை, துடைக்கிற பேப்பரும் சுத்தற டேப்பும் ஒரு ரூபாய். மொத்தம் பதினாலு. ஏழு எங்க, பதினாலு எங்க?"

அடுத்து அவள் எடுத்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். டப்பாவும் மூடியும் ஒரே கடையில் வாங்கினால் மூடி மூன்று ரூபாய். நான் வேறொரு கடையில் இரண்டு ரூபாய்க்கு மூடி கண்டுபிடித்து, அதைப் பெருமையாக வீட்டில் சொல்லி, டீயும் வாங்கிக் குடித்திருந்தேன். மூடி பொருந்தும். கிட்டத்தட்டப் பொருந்தும். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் அந்த 'கிட்டத்தட்ட' என்ற இடத்திலிருந்து சூப் வெளியே வரும்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு சிந்துது. சிந்தினதுக்குப் பதிலா வேற கொடுக்கறோம். அதுக்கு எழுபது ரூபாய். இருபத்துநாலு டப்பாவுல பிரிச்சா டப்பாவுக்கு மூணு ரூபாய். நீங்க மூடியில மிச்சம் பிடிச்சது எவ்வளவு?"

"ஒரு ரூபாய்."

"ஒண்ணை மிச்சம் பிடிச்சு மூணை ஊத்தியிருக்கோம்."

நான் இப்போது உட்கார்ந்துகொண்டேன்.

பெட்ரோல் லிட்டர் நூறு. நின்று நின்று போகும் என் ஸ்கூட்டர் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் கொடுக்கும். கிலோமீட்டருக்கு இரண்டரை. டயர், ஆயில், பிரேக் என்று கிலோமீட்டருக்கு இன்னொரு ரூபாய் வைத்தாள். டயருக்கு எதற்கு என்று நான் கேட்க வாயெடுத்தேன். அந்த மாதம்தான் பின் டயரை மாற்றி ஆயிரத்து எண்ணூறு கொடுத்தது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். ஆக, கிலோமீட்டருக்கு மூன்றரை. எழுபத்திரண்டு கிலோமீட்டருக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு. டப்பாவுக்குப் பத்தரை.

"அம்பத்தாறு, பதினாலு, மூணு, பத்தரை. எண்பத்து மூன்றரை. நூறுல மிச்சம் பதினாறரை. அறுநூறு டப்பாவுக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்." அவள் டின்னைத் தட்டினாள். "டின் சரியாத்தான் இருக்கு. யாரும் எடுக்கலை."

நான் திருடன் இல்லை என்று நிரூபணமானதில் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம் அது போய்விட்டது. இரண்டு பேர் காலை ஆறு மணியிலிருந்து மாடாய் உழைத்து, ஒரு நாளைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய். ஆளுக்கு இருநூறு கூட இல்லை.

"அப்போ ஸ்வெட்டரைத் தேடி எடுக்கணுமா?" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் குரல் விளையாட்டாக வரவில்லை.

அவள் ஷீட்டுகளை வேறு வகையாக அடுக்கினாள், நாள்வாரியாக இல்லாமல் இடம்வாரியாக. முதல் அடுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். போக இரண்டு, வர இரண்டு, நாலு கிலோமீட்டர், பதினான்கு ரூபாய். டப்பா பன்னிரண்டு. ஒரு டப்பாவுக்கு ஒரு ரூபாய் சில்லறை. இரண்டாவது அடுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினொரு டப்பா, நாற்பத்தாறு கிலோமீட்டர். டப்பாவுக்குப் பதினைந்து ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. மூன்றாவது அடுக்கில் ஒரே ஒரு இடம். ஒரே ஒரு டப்பா. அந்த இடத்தின் பெயரை ஷீட்டில் எழுதும்போதெல்லாம் என் கையெழுத்து சிறியதாகிவிட்டிருந்ததை இப்போதுதான் கவனித்தேன்.

அது என் அக்கா வீடு.

என் அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தனியாக இருக்கிறாள், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாங்கள் தொழில் ஆரம்பித்த அன்றே போன் பண்ணி, "எனக்கு தினமும் ஒண்ணு. சொந்தக்காரின்னு குறைச்செல்லாம் வாங்கமாட்டேன், முழு நூறு ரூபாய்" என்றாள். உறவு முழுக்க, "நான்தான் அவங்களுக்கு முதல் போணி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொரு கிலோமீட்டர் போக, பதினொரு கிலோமீட்டர் வர. படி ஏறி இறங்கினால் ஒன்றே கால் மணி நேரம், அதுவும் நல்ல பன்னிரண்டரை மணிக்கு.

"இருபத்திரண்டு கிலோமீட்டர். எழுபத்தேழு ரூபாய்" என்றாள் என் மனைவி. "சூப்பும் டப்பாவும் எழுபத்து மூணு. ஆக நூத்தி அம்பது ஆகுது. அண்ணி கொடுக்கறது நூறு."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை நான் அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அது என் டிரிப் ஷீட் என்று தெரியாது.

"அம்பது ரூபாய்தானே. அக்காவாச்சே" என்றேன்.

"அம்பதோட நிக்கலை." கடைசிக் கட்டத்தைக் காட்டினாள். நாங்கள் திருப்பியனுப்பிய ஆர்டர்கள். பல் ஆஸ்பத்திரி, பல் ஆஸ்பத்திரி, பல் ஆஸ்பத்திரி. ஒன்றரை கிலோமீட்டரில், இன்ஷூரன்ஸ் போகிற வழியிலேயே இருக்கிறது. பன்னிரண்டரைக்குப் பத்து சூப் கேட்டு வாரத்தில் மூன்று முறை போன் பண்ணியிருக்கிறார்கள். பல் பிடுங்கியவர்களுக்கு வேறு என்ன கொடுக்க முடியும்? இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர்களை ஆண்டவனே அனுப்பமுடியாது. அவர்களிடம், 'வண்டி இல்லை' என்று சொல்லியிருக்கிறோம். அந்த நேரம் வண்டியும் நானும் ஒரே ஒரு டப்பாவோடு பதினொரு கிலோமீட்டருக்கு அப்பால் படி ஏறிக்கொண்டிருந்தோம்.

அவள் புதுக் காகிதம் எடுத்தாள். "பஸ்ல ஸ்டேஜ் தாண்டினா காசு கூட. யாராவது சண்டை போட்டாங்களா? சூப்புக்கு மட்டும் ஊர் முழுக்க ஏன் ஒரே டிக்கெட்?" என்றாள். மூன்று கிலோமீட்டர் வரை முதல் ஸ்டேஜ், நூற்றுப்பத்து. ஐந்து வரை இரண்டாவது, நூற்று முப்பது. அதற்கு மேல் ஒரே இடத்தில் ஐந்து டப்பாவாவது இருந்தால்தான் அந்த விலை, இல்லாவிட்டால் தூரத்துக்குத் தக்க தனி விலை. காலை பத்து மணியோடு ஆர்டர் முடிந்தது. எத்தனை ஆர்டரோ அத்தனை சூப்தான் வைப்பாள், மிச்சம் கிடையாது. பன்னிரண்டுக்கு ஒரு டிரிப், ஒன்றுக்கு ஒரு டிரிப். டப்பா இரண்டு ரூபாய் கூடினாலும் திருகு மூடி.

இன்ஷூரன்ஸில் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள், தூரத்தில் நாலு பேர் நின்றுவிடுவார்கள் என்று அவளே கழித்துக்கொண்டாள். பத்து, பல் ஆஸ்பத்திரி பத்து, மற்றவர்கள் ஏழு. இருபத்தேழு டப்பா. சாமானும் கேஸும் பன்னும் ஒரு ரூபாய் சேர்த்தே வைத்து ஐம்பத்திரண்டு, பேக்கிங் பதினாறு, இரண்டு டிரிப்புக்கு இருபது கிலோமீட்டர், டப்பாவுக்கு மூன்று ரூபாய்க்குள். எழுபத்தொன்று. நூற்றுப்பத்தில் மிச்சம் முப்பத்தொன்பது. மாதம் இருபத்தாறாயிரம் சொச்சம்.

"எனக்குப் பதினஞ்சு. உங்களுக்குப் பத்து" என்று எழுதினாள்.

"எனக்கா? எதுக்கு?"

"வண்டி ஓட்டறதுக்கு. ஆள் போட்டா சம்பளம் கொடுக்கணுமில்ல? இத்தனை நாள் உங்களை ஓசியில ஓட்டியிருக்கேன். அது கணக்கு இல்ல."

எட்டு மாதமாக யாராவது, "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "வீட்ல கொஞ்சம் உதவியா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பத்து என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

"ஆனா எல்லாத்துக்கும் முதல்ல அண்ணிகிட்ட விலையைச் சொல்லணும்" என்றாள். "அவங்ககிட்டச் சொல்ல முடியலைன்னா, நாளைக்கு இன்னொரு சொந்தக்காரங்க வருவாங்க, அவங்ககிட்டயும் முடியாது. அதுக்கு நான் கிடங்குக்கே போயிடலாம்."

"நான் சொல்றேனே."

"நீங்க சொல்வீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஸ்கூட்டரில் போனோம். வழி நெடுக என் முதுகுக்குப் பின்னால் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். சிக்னலில் நின்றபோது கேட்டது: "நூத்தி எண்பத்தஞ்சு. நூத்தி எண்பத்தஞ்சு." ஒரே ஒரு டப்பாவை அவ்வளவு தூரம் கொண்டுபோய், மற்ற டப்பாவில் வரும் லாபமே இதிலும் வரவேண்டுமென்றால் அதுதான் விலை.

கீழே வாசலில் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைத்தார். "சூப்பு சார்தானே? வீட்டம்மாவா இது? நல்லாச் செய்யறீங்கம்மா. உப்பு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க. எனக்கு பிரஷர் இருக்கு" என்றார்.

நாங்கள் இருவரும் படி ஏறினோம். இரண்டாவது மாடியில் அவள் நின்றாள். "அவருக்கு எப்படி உப்பு தெரியும்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை, மூச்சு வாங்குவதாகக் காட்டிக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "என்னடா, ஞாயித்துக்கிழமைகூட சூப்பா?"

"இல்ல அண்ணி. உங்க சூப்பைப் பத்திப் பேசத்தான் வந்தோம்" என்றாள் என் மனைவி.

"அதுக்கென்னம்மா, தேவாமிர்தம். தினமும் ஒரு சொட்டு விடாம குடிச்சிடறேன்."

"அடுத்த வாரத்துலேருந்து அது நூத்தி எண்பத்தஞ்சு ரூபாய் அண்ணி."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் இறங்குமென்று காத்திருந்தேன். இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்ததுபோல, கடைசி எழுத்துவரை முழுசாக வந்தது.

"நூத்தி எண்பத்தஞ்சா!" அக்கா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "என்னடி, தங்கத்துலயா காய் வாங்கறே? நான் உங்களுக்கு முதல் போணி பண்ணவ. நல்லா இருக்கணும்னு நினைச்சுத் தினமும் வாங்கறவ. எனக்கே இந்த விலையா?"

"உங்களுக்குன்னு இல்ல. இந்தத் தூரத்துக்கு ஒத்தை டப்பா வந்தா யாருக்கும் இதான் விலை. அஞ்சு டப்பா சேர்ந்தா நூத்தி முப்பது. இப்போ நீங்க நூறு கொடுக்கறீங்க. எங்களுக்கு நூத்தி அம்பது ஆகுது. தினமும் நாங்க அம்பது ரூபாய் கையிலேருந்து போட்டு உங்களுக்கு சூப்பு கொடுக்கறோம். மாசம் ஆயிரத்து இருநூத்தம்பது." அவள் ஷீட்டை நீட்டினாள். "கணக்கு இருக்கு, பாருங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷீட்டை வாங்கிப் பார்த்தாள். என் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து, ஒன்று இருபத்தைந்து. பன்னிரண்டு பதினைந்து, ஒன்றரை. அவள் முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவதைப் பார்த்தேன். அதன் இடத்தில் வேறொன்று வந்தது. திருதிருவென்ற முழி. சின்ன வயதில் என் மிட்டாயைத் தின்றுவிட்டு முழிக்கும் அதே முழி.

"அப்போ நான் உங்களுக்கு உதவி பண்ணலியா?"

"இல்ல அண்ணி."

"உங்களுக்கு வியாபாரம் ஆகட்டும்னுதாண்டி…" அக்கா தயங்கினாள். "எனக்கு அந்தச் சூப்பே பிடிக்காது."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு சூப்புன்னாலே சின்ன வயசுலேருந்து ஆகாது. காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். கீழ வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடுவேன். அவர் வேற தினமும் உப்பு ஜாஸ்திங்கறார்."

நான் கணக்கில் மந்தம்தான், ஆனால் இந்த ஒரு கணக்கு எனக்குத் தானாகவே ஓடிவிட்டது. அக்காவின் நூறு, எங்கள் ஐம்பது. அவள் எங்களுக்காக, நாங்கள் அவளுக்காக, மூன்று பேருமாகச் சேர்ந்து தினமும் நூற்று ஐம்பது ரூபாயை பிரஷர் உள்ள ஒரு வாட்ச்மேன் வயிற்றில் ஊற்றியிருக்கிறோம். அவருக்கும் அது ஆகவில்லை.

முதலில் சிரித்தது என் மனைவிதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அப்புறம் அக்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "தினமும் இவன் வாசல்ல வந்து நிப்பான். ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். நூறு ரூபாய்க்கு அது ஒண்ணும் ஜாஸ்தி இல்லன்னு நினைச்சுக்குவேன். ஆனா படுபாவி, ஹெல்மெட்டைக்கூடக் கழட்டமாட்டான்."

மூன்று மாதம் தினமும் அவள் வாசலுக்குப் போயிருக்கிறேன். டப்பாவை நீட்டி, நூறை வாங்கி, 'வரேன்க்கா' என்று சொல்லி நாலு மாடியும் ஓடி இறங்கியிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. சூப் ஆறிவிடுமே என்று அடுத்த டெலிவரிக்குத்தான் பறந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை இவர் வருவார் அண்ணி. பெட்டி இல்லாம வருவார்" என்றாள் என் மனைவி. "மத்த நாளுக்கு ஆர்டர் கேன்சல்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ தாயே" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை புதிய விலையைச் சொல்லி அவள் ஒவ்வொருவருக்காகப் போன் பண்ணினாள். இன்ஷூரன்ஸில் ஒருவர்தான் நின்றார், அவரும், "சம்பளம் வந்ததும் சேர்ந்துக்கறேன்" என்றார். பல் ஆஸ்பத்திரியில் இருந்த பெண், "அப்பாடா, இன்னிக்காவது வண்டி இருக்கா?" என்று கேட்டாள். தூரத்து நாலு பேரில் மூன்று பேர் முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு வேண்டாமுக்கும் என் மனைவி ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து புது மூடிகளைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகக் கவிழ்த்தேன், தண்ணீர் சொட்டவில்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"எங்க போகணும்?" என்றாள்.

கிடங்கு முதலாளி. அவர் குரல் எனக்கும் கேட்டது. "என்னம்மா முடிவு பண்ணீங்க? பதினஞ்சாயிரம் சுளையா வரும். யோசிச்சுச் சொல்லுங்க, வீட்ல சூப்பு வச்சு எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?"

"எனக்கு இங்கயே பதினஞ்சாயிரம் சம்பளம் போட்டிருக்காங்கய்யா" என்றாள் என் மனைவி.

"அப்படியா? யாரு போட்டா?"

"நான்தான். மன்னிச்சுக்கங்க, வேற ஆள் பார்த்துக்கங்க. பத்து மணி ஆகப் போகுது, ஆர்டர் மூடணும்."

போனை வைத்தாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

"முதல் டிரிப்புக்கு எத்தனை?"

"இருபத்தொண்ணு" என்றேன்.

"மீட்டரைப் பார்த்து எழுதிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பெரிதாக வைக்க உள்ளே போனாள்.